ரிசல்ட்டுக்கு முன் ஏறும் ஐவி: எது வழக்கம், எது செய்தி?

2023 ஏப்ரல் 13, வியாழக்கிழமை. பங்குச்சந்தை மூடிய பிறகு இன்ஃபோசிஸ் தன் நான்காம் காலாண்டு முடிவுகளை வெளியிட்டது. வரும் நிதியாண்டில் வருவாய் 4 முதல் 7 சதவீதம்தான் வளரும் என்று நிறுவனமே சொல்லிவிட்டது. மறுநாள் அம்பேத்கர் ஜெயந்தி விடுமுறை, அடுத்து சனி, ஞாயிறு. இந்திய முதலீட்டாளர்கள் மூன்று நாள் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். 17-ஆம் தேதி திங்கள் சந்தை திறந்ததும் விற்பனை குவிந்தது. அன்று பங்கு 9 சதவீதத்துக்கு மேல் இறங்கி முடிந்தது. அதே இன்ஃபோசிஸ் 2024 ஜனவரி 11-ஆம் தேதி முடிவுகளை அறிவித்தபோது, மறுநாள் பங்கு 7 சதவீதத்துக்கு மேல் ஏறியது. அதற்கு அடுத்த வாரம் எச்.டி.எஃப்.சி. வங்கியின் முறை. 16-ஆம் தேதி மாலை முடிவுகள் வந்தன, 17-ஆம் தேதி பங்கு 8 சதவீதத்துக்கு மேல் விழுந்தது.

இந்த மூன்றிலும் தேதி யாருக்கும் ரகசியமில்லை. காலாண்டு முடிந்து 45 நாட்களுக்குள், நான்காம் காலாண்டு என்றால் 60 நாட்களுக்குள், பட்டியலிடப்பட்ட நிறுவனம் முடிவுகளை வெளியிட்டாக வேண்டும் என்பது செபியின் விதி. அதற்கான இயக்குநர் குழுக் கூட்டம் என்றைக்கு என்பதையும் முன்கூட்டியே பங்குச்சந்தைக்குத் தெரிவிக்க வேண்டும். ஆக, அதிர்ச்சி எந்த நாளில் வரக்கூடும் என்பது எல்லோருக்கும் தெரியும்; எவ்வளவு பெரிதாக வரும் என்பதுதான் தெரியாது. தெரியாத அந்த அளவுக்கும் சந்தையில் தினமும் ஒரு விலை பேசப்படுகிறது. அது ஆப்ஷன் பிரீமியத்துக்குள் இருக்கிறது. டிரேடர்கள் அதை ‘ஐவி’ என்று சுருக்கிச் சொல்கிறார்கள். முழுப்பெயர் இம்ப்ளைட் வொலட்டிலிட்டி.

ஒரு பங்கைக் குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமை கால் ஆப்ஷன், விற்கும் உரிமை புட் ஆப்ஷன். அந்த உரிமைக்குக் கொடுக்கும் விலைதான் பிரீமியம். 1973-இல் வெளிவந்த பிளாக்-ஷோல்ஸ் சூத்திரம், பிரீமியத்தைக் கணக்கிட ஐந்து விஷயங்களைக் கேட்கிறது: பங்கின் இன்றைய விலை, ஸ்ட்ரைக் விலை, எக்ஸ்பைரிக்கு மிச்சமுள்ள காலம், வட்டி விகிதம், பங்கு எவ்வளவு அலைபாயும் என்ற மதிப்பீடு. முதல் நான்கையும் திரையிலேயே பார்த்துவிடலாம். ஐந்தாவதை யாரும் பார்க்க முடியாது. ஆனால் பிரீமியம் கண்ணுக்குத் தெரிகிறதே! எனவே சூத்திரத்தைத் தலைகீழாகப் போட்டு, ‘இந்தப் பிரீமியம் நியாயம் என்றால் சந்தை எவ்வளவு அலைச்சலை எதிர்பார்த்திருக்க வேண்டும்?’ என்று கேட்கிறார்கள். கிடைக்கும் எண்தான் ஐவி. தேசியப் பங்குச்சந்தையின் இணையதளத்தில் ஆப்ஷன் செயின் பக்கத்தைத் திறந்தால், ஒவ்வொரு ஸ்ட்ரைக்குக்கும் எதிரே IV என்ற தலைப்பில் இந்த எண் இருக்கும்.

அது ஆண்டுக் கணக்கில் சொல்லப்படும் எண். ஒரு நாளுக்கு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் 15.87-ஆல் வகுக்க வேண்டும். ஆண்டில் சுமார் 252 வர்த்தக நாட்கள், அதன் வர்க்கமூலம் 15.87. ஐவி 32 என்றால், நாளொன்றுக்குச் சராசரியாக 2 சதவீத அளவிலான ஏற்ற இறக்கத்தை ஆப்ஷன் விலை எதிர்பார்க்கிறது. மேலே போகுமா, கீழே போகுமா என்பதைப் பற்றி அந்த எண் வாயே திறக்காது.

இனி விஷயத்துக்கு வருவோம். காலாண்டு முடிவு நெருங்க நெருங்க ஐவி ஏறும். இதைப் பார்த்து, ‘யாருக்கோ ஏதோ தெரிந்துவிட்டது’ என்று பரபரப்பவர்கள் உண்டு. ‘ஐவி 10 சதவீதம் கூடினால் எனக்கு அலர்ட் அனுப்பு’ என்று செயலியில் குறித்து வைப்பவர்களும் உண்டு. ரிசல்ட் சீசனில் அவர்கள் கைப்பேசி ஓயாமல் ஒலிக்கும். ஒலிப்பதில் பெரும்பகுதி வெறும் கணக்கின் விளைவு, புதிய தகவல் எதுவும் அதில் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரம் ஆம்னி பஸ் கட்டணம் ஏறுவது செய்தியா? வழக்கமான தீபாவளிக் கட்டணத்தையும் தாண்டி ஏறினால்தான் செய்தி. ஐவியிலும் அந்த ‘வழக்கமான ஏற்றம்’ எவ்வளவு என்று கண்டுபிடித்துக் கழித்துவிட வேண்டும். அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் படேல், மார்க் வுல்ஃப்சன் இருவரும் 1979-லேயே இந்த ஏற்றத்தை ஆய்வுக்கட்டுரையாக எழுதிவிட்டார்கள். அடிப்படை இன்றும் அதுதான்.

ஏன் ஏறுகிறது? ஒரு கற்பனைப் பங்கை எடுத்துக்கொள்வோம். விலை 1,500 ரூபாய். சாதாரண நாட்களில் இதன் ஏற்ற இறக்கம் 1.2 சதவீத அளவில் இருக்கிறது, ஆண்டுக் கணக்கில் ஐவி 19. ரிசல்ட்டுக்கு எதிர்வினை காட்டும் ஒரே ஒரு நாளில் மட்டும் 4 சதவீத அளவை எதிர்பார்க்கலாம் என்று சந்தை நினைக்கிறது. எக்ஸ்பைரிக்கு 19 வர்த்தக நாட்கள் இருக்கும்போது, 18 சாதாரண நாட்களும் ஒரு பெரிய நாளும் சேர்ந்து சராசரியாகின்றன. இந்தச் சராசரியை ஏற்ற இறக்கத்தின் வர்க்கத்தை வைத்துத்தான் போட வேண்டும். 1.2-இன் வர்க்கம் 1.44, அதை 18-ஆல் பெருக்கினால் 25.92. 4-இன் வர்க்கம் 16. இரண்டும் சேர்ந்து 41.92. இதை 19 நாட்களுக்குப் பங்கிட்டு, வர்க்கமூலம் எடுத்து, ஆண்டுக் கணக்குக்கு மாற்றினால் ஐவி ஏறக்குறைய 23.6.

ஐந்து நாள் கழிகிறது. யாரும் எண்ணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் கழிந்தவை எல்லாம் சாதாரண நாட்கள். பெரிய நாள் அப்படியே மிச்சம் இருக்கிறது. இப்போது 13 சாதாரண நாட்கள், ஒரு பெரிய நாள். ஐவி 25.0. இன்னும் ஐந்து நாள் போனால், ரிசல்ட் வரப்போகும் மாலையில், 8 சாதாரண நாட்களும் அந்தப் பெரிய நாளும் மட்டும் மிச்சம். ஐவி 27.8. இரண்டு வாரத்தில் 4 புள்ளிக்கு மேல் ஏறியிருக்கிறது, சதவீதத்தில் சொன்னால் 18 சதவீத உயர்வு. அலர்ட் ஒலித்திருக்கும். நடந்தது என்ன? காலண்டரில் பத்துத் தாள் கிழிந்தது, அவ்வளவுதான்.

எனவே கண்காணிக்க வேண்டியது ஐவியை அல்ல, அதற்குள் ஒளிந்திருக்கும் அந்தப் பெரிய நாளின் அளவை. மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் போட்டால் அது கிடைத்துவிடும். எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் ஒரு வரி போதும். B2-இல் எக்ஸ்பைரி வரை உள்ள வர்த்தக நாட்கள், C2-இல் ஐவி, D2-இல் சாதாரண நாளின் ஏற்ற இறக்கச் சதவீதம்:

```
=SQRT(B2*(C2/15.87)^2-(B2-1)*D2^2)
```

நம் பங்கில் 14 நாட்கள் மிச்சமிருக்கும் அன்று ஐவி 25 என்று வந்தால் சூத்திரம் 4 என்று காட்டும். மாற்றம் இல்லை. அன்றைக்கு ஐவி 29 ஆக இருந்தால்? சூத்திரம் 5.3 என்று சொல்லும். அதாவது, ரிசல்ட் நாளில் பங்கு 60 ரூபாய் அளவில் நகரும் என்று நேற்றுவரை விலை வைத்திருந்த சந்தை, இன்று 80 ரூபாய் அளவுக்கு விலை வைக்கிறது. இதற்குத்தான் அலர்ட் வர வேண்டும். வெறும் ஐவியைப் பார்ப்பவருக்கு இன்றைய 29-உம், ரிசல்ட்டுக்கு முந்தைய மாலை இயல்பாக வரும் 27.8-உம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே தெரியும். முதலாவது செய்தி, இரண்டாவது நாட்காட்டி.

இந்த 4, 5.3 என்ற எண்களை அந்த நிறுவனத்தின் பழைய ரிசல்ட் நாட்களோடு ஒப்பிடும்போது ஒரு நுணுக்கம் உண்டு. இவை புள்ளியியலில் திட்டவிலக்கம் எனப்படும் வகை அளவு. அதன்படி எதிர்பார்க்கும் சராசரி நகர்வு, திசையைப் பாராமல், ஏறக்குறைய அதில் 80 சதவீதம்தான். எனவே சூத்திரம் 4 என்று சொன்னால், கடந்த எட்டுக் காலாண்டுகளின் ரிசல்ட் நாள் நகர்வுகளின் சராசரியை 3.2-உடன் ஒப்பிடுங்கள். நேரடியாக 4-உடன் ஒப்பிட்டால் ஆப்ஷன் எப்போதுமே விலை அதிகம் என்ற தவறான முடிவுக்கு வருவீர்கள்.

ரிசல்ட் வந்த மறுநாள் காலை என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடுவோம். பலர் பணத்தை விடுவது அங்கேதான். ரிசல்ட்டுக்கு முந்தைய மாலை, 1,500 ஸ்ட்ரைக்கில் கால் பிரீமியம் சுமார் 31 ரூபாய், புட்டும் அதே அளவு. வட்டியை இங்கே கணக்கில் எடுக்கவில்லை. மறுநாள் பங்கு 1 சதவீதம் ஏறி 1,515-க்கு வருகிறது. கால் வாங்கியவர் சரியாகத்தான் கணித்தார். ஆனால் பெரிய நாள் கடந்துவிட்டது, ஐவி 27.8-இலிருந்து 19-க்கு இறங்கிவிட்டது. கால் ஆப்ஷனின் மதிப்பு இப்போது 29 ரூபாய். பங்கு 15 ரூபாய் ஏறியும் கையில் நஷ்டம். ‘திசை தெரியாது, இரண்டையும் வாங்குவோம்’ என்று கால், புட் இரண்டையும் சேர்த்து ஸ்ட்ராடில் வாங்கியவர் 63 ரூபாய் கொடுத்திருப்பார். பங்கு 3 சதவீதம் ஏறினால்கூட இரண்டும் சேர்ந்து 56 ரூபாய்தான் பெறும். புதியவர்கள் இதைப் பார்த்து, தரகர் ஏதோ தில்லுமுல்லு செய்துவிட்டார் என்று நினைப்பதுண்டு. கணக்கு முதல் நாளே எழுதப்பட்டுவிட்டது.

அலர்ட்டைப் பொய்யாக்கும் விஷயங்கள் பல. முதலாவது, பழைய விலை. பல தளங்களில் ஐவி என்பது கடைசியாக நடந்த வர்த்தகத்தின் விலையிலிருந்து கணக்கிடப்படுகிறது. நிஃப்டி ஆப்ஷனில் நொடிக்கு நொடி வர்த்தகம் நடப்பதால் பிரச்சினை இல்லை. தனிப்பங்கு ஆப்ஷனில் அப்படியல்ல. நம் பங்கு 1,510-இல் இருந்தபோது ஒருவர் 1,500 கால் ஆப்ஷனை 41 ரூபாய்க்கு வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். அதன்பின் ஒரு மணி நேரம் அந்த ஸ்ட்ரைக்கில் யாரும் கை வைக்கவில்லை. இதற்கிடையில் பங்கு 1,490-க்கு இறங்கிவிட்டது. ஆப்ஷனின் இப்போதைய நியாய விலை 30 ரூபாய்தான். திரையிலோ இன்னும் 41 நிற்கிறது. 1,490 பங்கு விலையையும் 41 ரூபாய் பிரீமியத்தையும் சூத்திரத்தில் போட்டால் ஐவி 25-க்குப் பதிலாக 33 என்று வரும். எட்டுப் புள்ளித் தாவல், எல்லாம் மாயை.

கண்டுபிடிப்பது கடினமில்லை. அதே ஸ்ட்ரைக்கின் புட் ஐவியைப் பாருங்கள். ஒரே ஸ்ட்ரைக், ஒரே எக்ஸ்பைரி என்றால் கால் ஐவியும் புட் ஐவியும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்; இல்லையென்றால் இடைவெளியில் லாபம் பார்ப்பவர்கள் உடனே உள்ளே வந்து சரிசெய்துவிடுவார்கள். கால் 33, புட் 25 என்றால் ஏதோ ஒன்று பழைய விலை. இன்னும் நல்ல வழி, கடைசி விலையையே தொடாமல், வாங்குபவர் கேட்கும் விலைக்கும் விற்பவர் சொல்லும் விலைக்கும் நடுப்புள்ளியை எடுத்து ஐவியை நாமே கணக்கிடுவது. அந்த இரண்டு விலைகளுக்கு நடுவே இடைவெளி அகலமாக இருந்தால் அன்றைய கணக்கை நம்பாமல் விட்டுவிடலாம். பங்கின் விலைக்குப் பதிலாக அதே மாத ஃபியூச்சர்ஸ் விலையைப் பயன்படுத்தினால் டிவிடெண்ட், வட்டி இரண்டின் தொல்லையும் ஒழியும். பங்கு நகர்ந்தால் நடு ஸ்ட்ரைக்கும் மாறும் என்பதால், ஃபியூச்சர்ஸ் விலைக்கு இரு பக்கமும் உள்ள இரண்டு ஸ்ட்ரைக்குகளை எடுத்து இடைப்பட்ட மதிப்பைக் காண்பது நல்லது. தொலைதூர ஸ்ட்ரைக்குகளைப் பார்க்கவே வேண்டாம். அங்கே ஐந்து பைசா மாறினாலே ஐவி குதிக்கும்.

இரண்டாவது, தேதி. இதில் ஏமாந்தவர்கள் அதிகம். இந்தியாவில் தனிப்பங்கு ஆப்ஷனுக்கு மாத எக்ஸ்பைரி மட்டும்தான். முன்பு மாதத்தின் கடைசி வியாழன். 2025 செப்டம்பரிலிருந்து தேசியப் பங்குச்சந்தையில் கடைசி செவ்வாய். ஒரு நிறுவனம் வழக்கமாக மாதத்தின் 24-ஆம் தேதி வாக்கில் ரிசல்ட் வெளியிடும், எக்ஸ்பைரி 28-ஆம் தேதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தமுறை கூட்டம் 29-ஆம் தேதி என்று அறிவிப்பு வருகிறது. அந்த நிமிடமே, பெரிய நாள் இந்த மாத ஆப்ஷனிலிருந்து கழன்று அடுத்த மாத ஆப்ஷனுக்குள் போய்விடும். இந்த மாத ஐவி பொத்தென்று இறங்கும், அடுத்த மாத ஐவி ஏறும். ஒரு மாதத்தை மட்டும் பார்ப்பவருக்கு இது பெரிய திருப்பமாகத் தெரியும். உண்மையில் மாறியது ஒரு தேதி. ஆகவே உங்கள் பட்டியலில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் எதிரே இரண்டு விஷயங்கள் இருக்க வேண்டும்: தேதி உறுதியானதா, வெறும் ஊகமா, எதிர்வினை நாள் எக்ஸ்பைரிக்கு முன்பா, பின்பா.

எதிர்வினை நாள் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. டி.சி.எஸ்., இன்ஃபோசிஸ் போன்றவை சந்தை மூடிய பிறகு அறிவிப்பதால் பங்கு நகர்வது அடுத்த வர்த்தக நாளில். சில வங்கிகள் சனிக்கிழமை அறிவிக்கின்றன. அப்போது எதிர்வினை திங்கட்கிழமை. நடுப்பகலில், சந்தை ஓடிக்கொண்டிருக்கும்போதே அறிவிக்கும் நிறுவனங்களும் உண்டு. அங்கே அன்றைய பிற்பகலிலேயே ஐவி சரிந்துவிடும்.

மூன்றாவது, சந்தை முழுதும் பயப்படும் காலம். 2024 மக்களவைத் தேர்தல் நல்ல உதாரணம். அந்த ஆண்டு ஏப்ரல் இறுதியில் 10-ஐ ஒட்டியிருந்த இந்தியா விக்ஸ், மே மாதக் கடைசியில் 24-க்குப் போய்விட்டது. இந்தியா விக்ஸ் என்பது நிஃப்டி ஆப்ஷன்களிலிருந்து கணக்கிடப்படும் ஐவிதான். அதே மாதங்கள்தான் நான்காம் காலாண்டு ரிசல்ட் சீசனும். அந்த நாட்களில் எந்தப் பங்கின் ஐவியைப் பார்த்தாலும் ஏற்றம்தான். அதில் எவ்வளவு நிறுவனத்தின் ரிசல்ட்டுக்காக, எவ்வளவு ஜூன் 4 வாக்கு எண்ணிக்கைக்காக என்று பிரிக்காமல் விட்டால் அலர்ட்டுக்கு அர்த்தமே இல்லை.

பிரிப்பதற்கு எளிய வழி, அதே துறையில் ஏற்கெனவே ரிசல்ட் அறிவித்துவிட்ட ஒரு நிறுவனத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. ஐ.டி. துறையில் டி.சி.எஸ். வழக்கமாக முதலில் வருகிறது. அது அறிவித்து முடித்த பிறகு அதன் ஐவியில் பெரிய நாள் எதுவும் இல்லை. இன்ஃபோசிஸின் ஐவி ஏறும்போது டி.சி.எஸ்.ஸின் ஐவியும் கூடவே ஏறினால், காரணம் துறையிலோ சந்தையிலோ இருக்கிறது. டி.சி.எஸ். அசையாமல் இருக்க, இன்ஃபோசிஸ் மட்டும் ஏறினால் அது இன்ஃபோசிஸைப் பற்றியது. நிஃப்டியோடு மட்டும் ஒப்பிடுவதைவிட இது கூர்மையானது என்பது என் கருத்து.

இனி சூத்திரத்தின் பலவீனத்தைச் சொல்ல வேண்டும். D2-இல் போட்டோமே, சாதாரண நாளின் ஏற்ற இறக்கம். அதை யார் சொன்னது? கொள்கையளவில் அழகான விடை உண்டு. இந்த மாத ஆப்ஷனிலும் அடுத்த மாத ஆப்ஷனிலும் அதே ஒரு பெரிய நாள்தான் இருக்கிறது. அடுத்த மாதத்தில் சாதாரண நாட்கள் மட்டும் கூடுதல். இரண்டையும் கழித்தால் சாதாரண நாளின் அளவு தானாக வெளியே வந்துவிடும். நம் உதாரணத்தில் இந்த மாத ஐவி 25.0 ஆக இருக்கும்போது, இன்னும் 20 நாள் தள்ளி முடியும் அடுத்த மாத ஐவி 21.7 ஆக இருக்க வேண்டும். ஆனால் நடைமுறையில் நம் சந்தையில் அடுத்த மாதத் தனிப்பங்கு ஆப்ஷன், எக்ஸ்பைரி நெருங்கும்வரை மெலிந்தே கிடக்கும். விற்பவர் ஒரு மூலை, வாங்குபவர் ஒரு மூலை. அந்த விலையை நம்பிக் கணக்குப் போட்டால் குப்பைதான் கிடைக்கும்.

அப்போது செய்யக்கூடியது, முந்தைய ரிசல்ட்டுகள் முடிந்து ஐவி இறங்கிய பின் எந்த மட்டத்தில் நின்றது என்று பார்த்து, அதைச் சாதாரண நாளாக எடுத்துக்கொள்வது. இது தோராயம். எவ்வளவு தோராயம் என்றால், ஐவி 29 என்ற அதே உதாரணத்தில் 1.2-க்குப் பதில் 1.4 போட்டால் விடை 5.3-இலிருந்து 4.6-க்கு வந்துவிடுகிறது. எனவே விடையின் மட்டத்தை வேதவாக்காக எடுக்கக் கூடாது. ஒரே அடிப்படையை வைத்து நாளுக்கு நாள் அது எவ்வளவு மாறுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும். சூத்திரம் #NUM! என்று பிழை காட்டினால் வர்க்கமூலத்துக்குள் எதிர்மறை எண் வந்துவிட்டது என்று பொருள். அடிப்படையை அதிகமாக வைத்துவிட்டீர்கள், அல்லது எதிர்வினை நாள் இந்த எக்ஸ்பைரிக்குள் இல்லவே இல்லை.

இவ்வளவையும் தெரிந்துகொண்ட பிறகு அலர்ட் அமைப்பது சின்ன வேலை. தினம் ஒருமுறை, மதியம் மூன்று மணி வாக்கில் எடுத்தால் போதும். காலை 9.15-க்குச் சந்தை திறந்ததும் வரும் விலைகளில் இரைச்சல் அதிகம், அந்த நேரத்தைத் தவிர்த்துவிடலாம். ஒவ்வொரு பங்குக்கும் ஒரு வரி: தேதி, மிச்ச நாட்கள், ஐவி, சூத்திரம் தரும் ரிசல்ட் நாள் அளவு. இரண்டு வாரம் சேர்ந்ததும், அந்த அளவு தினமும் இயல்பாக எவ்வளவு ஆடுகிறது என்பது பிடிபடும். 0.3 புள்ளி ஆடும் பங்கில் 0.9 புள்ளி தாவினால் கவனிக்கலாம் என்பது நான் வைத்துக்கொள்ளும் வரம்பு. அதே தாவல் அரை மணி கழித்து எடுத்த இரண்டாவது கணக்கிலும் நிற்க வேண்டும். கால், புட் இரண்டிலும் தெரிய வேண்டும். பக்கத்து நிறுவனத்தில் தெரியக் கூடாது. இந்த மூன்றும் தேறினால் மட்டும் கைப்பேசி ஒலிக்கட்டும். ஒரு சீசனில் ஐம்பது பங்குகளைக் கவனித்தால் ஓசை அபூர்வமாகத்தான் வரும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

வந்த அலர்ட்டை வைத்து என்ன செய்வது? முதல் வேலை, பங்குச்சந்தை இணையதளத்தில் நிறுவன அறிவிப்புகளைப் பார்ப்பது. கூட்டத் தேதி மாறியிருக்கலாம். ரிசல்ட்டோடு பங்குப் பிரிப்பு, பைபேக் பற்றியும் பேசப்போவதாகச் சொல்லியிருக்கலாம். அதே துறையின் வெளிநாட்டு நிறுவனம் ஒன்று முந்தைய இரவு மோசமான முடிவுகளைத் தந்திருக்கலாம். பெரும்பாலான தாவல்களுக்குக் காரணம் பொதுவெளியிலேயே கிடைத்துவிடும். உள்விஷயம் கசிந்தது என்று முதலிலேயே முடிவுகட்ட வேண்டாம்.

பங்கைக் கையில் வைத்துக்கொண்டு, அதன்மேல் கால் ஆப்ஷன் எழுதி மாதாமாதம் சிறு வருமானம் பார்ப்பவர்களுக்கு இந்த அலர்ட் உண்மையிலேயே பயன்படும். கூடுதல் பிரீமியம் ஏன் கிடைக்கிறது என்பது அவர்களுக்குப் புரியும். ரிசல்ட் வரை ஸ்ட்ரைக்கைத் தள்ளி வைப்பதா, ஒதுங்குவதா என்று முடிவெடுக்கலாம். பங்கு கையில் இல்லாமல் ஐவி ஏறிவிட்டதே என்று இரண்டு பக்கமும் விற்கப் போகிறவர் ஒரு எண்ணை மனதில் வைக்க வேண்டும். 63 ரூபாய்க்கு விற்ற ஸ்ட்ராடிலில், 1,500 ரூபாய்ப் பங்கு 9 சதவீதம் நகர்ந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டியது 135 ரூபாய்க்கு மேல். இன்ஃபோசிஸும் எச்.டி.எஃப்.சி. வங்கியும் சிறு நிறுவனங்கள் இல்லை. இரவில் வந்த செய்திக்கு காலையில் ஸ்டாப் லாஸ் எதுவும் செய்ய முடியாது. பங்கு திறப்பதே அந்த விலையில்தான்.

வாங்கப் போகிறவருக்குச் சொல்ல வேண்டியது இன்னும் சுருக்கம். அலர்ட் உங்களுக்கு வரும்போது விலை ஏற்கெனவே ஏறிவிட்டது. அந்த ஏறிய விலையைத்தான் நீங்கள் கொடுக்கப் போகிறீர்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் சந்தையில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள் என்றும், மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது என்றும் செபியே கணக்குச் சொல்லியிருக்கிறது. ரிசல்ட்டுக்கு முந்தைய நாள் தனிப்பங்கு ஆப்ஷன் வாங்கும் பழக்கம் இருந்தால், அடுத்த சீசன் முழுவதும் எதையும் வாங்காமல் மேலே சொன்ன சூத்திரத்தை மட்டும் தாளில் ஓட்டிப் பாருங்கள். நீங்கள் கொடுக்க இருந்த பிரீமியத்தையும் மறுநாள் கிடைத்திருக்கும் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தாளைப் பார்த்த பிறகு பணம் போடுவதா என்று முடிவு செய்யுங்கள்.